இரவு ரிட்டர்ன், பகல் ரிட்டர்ன்: பிரித்துச் சோதிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒரே விலை

கேள்வி: "சந்தை மூடும்போது வாங்கி மறுநாள் திறந்ததும் விற்றால் நல்ல லாபம், பகலில் மட்டும் வைத்திருந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்று என் பேக்டெஸ்ட் காட்டுகிறது. இதை நம்பலாமா? நம்புவதற்கு முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?"

நீங்கள் பார்த்திருப்பது கற்பனை அல்ல. அமெரிக்கப் பங்குகளில் ரிட்டர்னின் பெரும்பகுதி க்ளோஸுக்கும் மறுநாள் ஓப்பனுக்கும் இடையில்தான் வந்திருக்கிறது என்பதைப் பல ஆய்வாளர்கள் தனித்தனியாகக் காட்டியிருக்கிறார்கள். SPY போன்ற பெரிய இ.டி.எஃப்-பிலும் அதன் 1993 தொடக்கத்திலிருந்து எடுத்துப் பார்த்தால் அது தெரியும். ஆனால் அந்த விளைவு உண்மையில் எவ்வளவு சிறியதோ, அதைவிடப் பல மடங்கு பெரிய ஒரு பொய் விளைவைத் தவறான டேட்டா தானாகவே உருவாக்கிவிடும். இரண்டும் வரைபடத்தில் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே உங்கள் பேக்டெஸ்டில் இருப்பது எது என்பதுதான் முதல் வேலை.

எல்லாம் ஓப்பன் விலையில்தான் நிற்கிறது. முழு நாள் ரிட்டர்னுக்கு நேற்றைய க்ளோஸும் இன்றைய க்ளோஸும் போதும். அதை இரண்டாகப் பிரிக்கும்போது நடுவில் ஒரு விலையைச் செருகுகிறோம். இரவு ரிட்டர்னில் அது மேலே, அதாவது தொகுதியில் வருகிறது. பகல் ரிட்டர்னில் கீழே, பகுதியில் வருகிறது. ஓப்பன் விலை தவறாக ஒரு சதவீதம் உயர்ந்திருந்தால் இரவு ஒரு சதவீதம் கூடும், பகல் ஒரு சதவீதம் குறையும். இரண்டையும் சேர்த்தால் முழு நாள் ரிட்டர்ன் மிகச் சரியாக வரும். இதுதான் ஆபத்து. "இரவும் பகலும் சேர்ந்தால் மொத்தம் வருகிறதா" என்று எல்லோரும் செய்யும் சரிபார்ப்பு, ஓப்பன் விலையின் பிழையை ஒருபோதும் பிடிக்காது. பிடிக்கவே முடியாத இடத்தில் அந்தப் பிழை ஒளிந்திருக்கிறது.

முதலில் கணக்கைச் சரியாகப் போடும் வழியைச் சொல்லிவிடுகிறேன். பகல் ரிட்டர்னை முதலில் எடுங்கள்: அதே நாளின் ஓப்பன், அதே நாளின் க்ளோஸ். இரண்டும் ஒரே நாளில் இருப்பதால் டிவிடெண்டோ ஸ்ப்ளிட்டோ குறுக்கே வராது. பிறகு டிவிடெண்டைச் சேர்த்து முழு நாள் ரிட்டர்னை எடுங்கள். இரவு என்பது மிச்சம்.

```python
intra = np.log(df["Close"] / df["Open"])
total = np.log((df["Close"] + df["Dividends"])
               / df["Close"].shift(1))
night = total - intra
```

இதில் `Close`, `Open`, `Dividends` மூன்றும் ஸ்ப்ளிட்டுக்கு ஒரே விதமாகத் திருத்தப்பட்டிருக்க வேண்டும், டிவிடெண்டுக்குத் திருத்தப்பட்டிருக்கக் கூடாது. லாக் ரிட்டர்ன் எடுப்பது கூட்டிக் கழிக்கும் வசதிக்காக மட்டும் இல்லை, வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

டிவிடெண்ட் ஏன் இரவுக்குப் போகிறது? எக்ஸ்-டேட் அன்று காலையில்தான் விலை இறங்கித் திறக்கிறது. முந்தைய நாள் க்ளோஸில் பங்கைக் கையில் வைத்திருந்தவருக்குத்தான் டிவிடெண்ட். ஓர் எடுத்துக்காட்டு. நேற்றைய க்ளோஸ் 400, இன்று எக்ஸ்-டேட், டிவிடெண்ட் 1.60, இன்று ஓப்பன் 399, க்ளோஸ் 400.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவிடெண்டை மறந்தால் இரவு ரிட்டர்ன் மைனஸ் 0.25 சதவீதம். சேர்த்தால் 400.60-ஐ 400-ஆல் வகுக்க வேண்டும், அதாவது பிளஸ் 0.15 சதவீதம். குறியே மாறிவிடுகிறது. பகல் எப்படியும் பிளஸ் 0.376 சதவீதம்தான். இங்கே தவறு செய்தால் இரவு உத்திக்குத்தான் நஷ்டம், எனவே இந்தப் பிழை உங்கள் முடிவுக்கு எதிராக வேலை செய்யும். உங்களுக்குச் சாதகமாக வேலை செய்யும் பிழைகள்தான் கவலைக்குரியவை.

அவற்றில் மோசமானது `Adj Close` நெடுவரிசை. இலவச டேட்டா பலவற்றில் `Open` ஸ்ப்ளிட்டுக்கு மட்டும் திருத்தப்பட்டிருக்கும், `Adj Close` டிவிடெண்டுக்கும் சேர்த்துத் திருத்தப்பட்டிருக்கும். இரண்டையும் கலந்து, `Open`-ஐ முந்தைய நாள் `Adj Close`-ஆல் வகுத்தால் என்ன ஆகும்? பழைய ஆண்டுகளில் இரண்டுக்கும் இடைவெளி மிகப் பெரிது, முடிவு அபத்தமாக இருக்கும், உடனே கண்டுபிடித்துவிடலாம். அண்மைய டேட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டால்தான் வினை. திருத்தக் காரணி 0.999 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது வெறும் பத்தில் ஒரு சதவீத டிவிடெண்ட். ஒவ்வோர் இரவும் 10 பேசிஸ் பாயின்ட் பொய்யாகக் கூடுகிறது, ஒவ்வொரு பகலும் அதே அளவு குறைகிறது. ஆண்டுக்கு 252 நாள் என்றால் 25 சதவீதம். உண்மையான இரவு விளைவு ஒரு நாளைக்குச் சில பேசிஸ் பாயின்ட்தான். ஒரே ஒரு காலாண்டு டிவிடெண்ட் அதை முழுவதும் மூழ்கடித்துவிடும். நானே தொடக்க காலத்தில் ஒரு வாரம் முழுக்க இப்படி ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு மகிழ்ந்திருந்தேன். இரவுக் கோடு செங்குத்தாக ஏறியது, பகல் கோடு அதே வேகத்தில் சரிந்தது, மொத்தம் கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு கோடுகளும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருந்ததே என்னைச் சந்தேகிக்க வைத்தது.

அதற்கு நேர் எதிரான பிழை இண்டெக்ஸில் இருக்கிறது. இ.டி.எஃப்-ஐ விட்டுவிட்டு S&P 500 இண்டெக்ஸின் எண்களையே நேராக எடுப்பவர்கள் பலர். மணி 9:30 அடித்த அந்த நொடியில் 500 பங்குகளும் வர்த்தகமாகியிருக்காது. வர்த்தகமாகாத பங்குக்கு நேற்றைய கடைசி விலையையே வைத்துக் கணக்கிடுவார்கள். ஆகவே இண்டெக்ஸின் ஓப்பன் பெரும்பாலும் நேற்றைய க்ளோஸ் அருகிலேயே நிற்கும், பழைய டேட்டாவில் பல நாட்கள் அச்சு அசலாக அதே எண்ணாக இருக்கும். அதை வைத்துப் பிரித்தால் இரவில் எதுவுமே நடக்கவில்லை, எல்லா லாபமும் பகலில்தான் என்ற முடிவு வரும். ஒரு வரியில் சோதித்துவிடலாம்:

```python
(df["Open"] == df["Close"].shift(1)).mean()
```

வர்த்தகமாகும் இ.டி.எஃப்-பில் இது மிகச் சிறிய எண்ணாக இருக்கும். மொத்த நாட்களில் கணிசமான விகிதத்தில் இரண்டும் சமம் என்று வந்தால் அந்த ஓப்பன் நெடுவரிசையை வைத்து எதையும் பிரிக்கக் கூடாது. ஆண்டுவாரியாகப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு திடீரென்று குறைந்தால், மாறியது டேட்டா வந்த விதம். சந்தை மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தனிப் பங்குகளுக்கு வந்தால் சிக்கல் இன்னும் நுட்பமாகிறது. அமெரிக்காவில் ஒரே பங்கு பல எக்ஸ்சேஞ்சுகளில் வர்த்தகமாகிறது. பங்கு பட்டியலிடப்பட்ட எக்ஸ்சேஞ்சில் காலையில் ஓப்பனிங் ஆக்ஷன் என்னும் திறப்பு ஏலம் நடக்கும், பெரும் அளவு ஆர்டர்கள் ஒரே விலையில் நிறைவேறும். ஆனால் அது முடிவதற்கு முன்பே வேறொரு எக்ஸ்சேஞ்சில் 100 பங்குகள் கைமாறியிருக்கலாம். டேட்டா விற்பவர் எந்த விலையை ஓப்பன் என்று எழுதுகிறார் என்பது அவரவர் வழக்கம். நேற்றைய க்ளோஸ் 50, வேறொரு எக்ஸ்சேஞ்சில் முதல் வர்த்தகம் 50.60, உண்மையான ஆக்ஷன் விலை 50.10, இன்றைய க்ளோஸ் 50.12 என்று வைத்துக்கொள்வோம். முதல் வர்த்தகத்தை ஓப்பனாக எடுத்தால் இரவு பிளஸ் 1.2 சதவீதம், பகல் மைனஸ் 0.95 சதவீதம். ஆக்ஷன் விலையை எடுத்தால் இரவு பிளஸ் 0.2, பகல் பிளஸ் 0.04. ஒரே பங்கு, ஒரே நாள், இரண்டு வேறு கதைகள்.

இந்த இடத்தில்தான் பகல் மட்டும் வைத்திருக்கும் உத்திகளில் மிகவும் பிரபலமான ஒன்று வீழ்கிறது. "ஒரு சதவீதத்துக்கு மேல் கேப்-அப் ஆகித் திறந்தால் ஓப்பனில் விற்று க்ளோஸில் திரும்ப வாங்கு" என்ற விதி. மேலே சொன்ன நாளில் பேக்டெஸ்ட் 50.60-ஐப் பார்த்து "கேப் இருக்கிறது" என்று சிக்னல் தருகிறது, அதே 50.60-இல் விற்கிறது, 0.95 சதவீதம் சம்பாதிக்கிறது. நிஜத்தில் 50.10-இல் திறந்த பங்கில் சிக்னலே இல்லை. சிக்னலையும் நிறைவேறும் விலையையும் ஒரே ஓப்பனிலிருந்து எடுத்தால், டேட்டாவில் உள்ள ஒவ்வொரு பிழையும் லாபமாக எண்ணப்படும். பிழை எவ்வளவு பெரிதோ, அவ்வளவு உறுதியாக அந்த விதி அதைத் தேர்ந்தெடுக்கும். அதனால்தான் கேப் உத்திகளின் பேக்டெஸ்ட் வர்த்தகம் குறைந்த சிறிய பங்குகளில் அழகாகவும், பெரிய பங்குகளில் சப்பென்றும் இருக்கும்.

பிழை மேலும் கீழும் சமமாக இருந்தால்கூடத் தப்ப முடியாது. ஓப்பன் விலை பகல் ரிட்டர்னின் பகுதியில் இருப்பதால், சாதாரண சதவீத ரிட்டர்ன் எடுத்தால் சமமான பிழையும் சராசரியைச் சற்று உயர்த்தும். உயர்வு ஏறத்தாழ பிழையின் வேரியன்ஸ் அளவு. ஓப்பனில் ஒரு சதவீத இரைச்சல் இருக்கும் சிறிய பங்கில் அது ஒரு நாளைக்கு ஒரு பேசிஸ் பாயின்ட், ஆண்டுக்கு 2.5 சதவீதம், எதுவும் செய்யாமலே பகல் உத்திக்குச் சேரும். லாக் ரிட்டர்ன் எடுத்தால் இந்தச் சாய்வு மறைந்துவிடும். நான் மேலே தள்ளிவைத்த காரணம் இதுதான்.

ஆக, உங்கள் பேக்டெஸ்டில் இருப்பது சந்தையா, ஓப்பன் விலையின் பிழையா என்று பிரித்தறிய ஒரே நல்ல சோதனை ஓப்பனை நகர்த்திப் பார்ப்பது. நிமிட டேட்டா கிடைத்தால், ஓப்பனுக்குப் பதில் 9:30 முதல் 10:00 வரை வால்யூமைக் கொண்டு எடையிட்ட சராசரி விலையை வைத்து மறுபடி பிரியுங்கள். கவனமான ஆய்வுகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள். ஒற்றை வர்த்தகத்தின் பிழை அரை மணி நேரச் சராசரியில் கரைந்துவிடும். இரவு ரிட்டர்ன் கொஞ்சம் மாறினால் பரவாயில்லை. பாதிக்கு மேல் காணாமல் போனால், உங்கள் லாபம் முதல் சில நிமிடங்களில்தான் வாழ்ந்தது. அங்கே உண்மையான விலைத் திரும்பல் இருக்கவும் வாய்ப்புண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பிடிக்க ஓப்பனிங் ஆக்ஷனிலேயே ஆர்டர் இருக்க வேண்டும். அப்படியானால் பேக்டெஸ்டும் அந்த ஆக்ஷன் விலையில்தான் ஓட வேண்டும், டேட்டாவில் கிடைத்த ஏதோ ஒரு முதல் விலையில் ஓடக் கூடாது.

க்ளோஸ் பக்கம் விலை நம்பகமானது, அங்கே நேரம்தான் பிரச்சினை. "இன்றைய க்ளோஸ் இப்படி இருந்தால் க்ளோஸில் வாங்கு" என்று எழுதியிருந்தால் அது எதிர்காலத்தைப் பார்த்து எழுதிய விதி. மார்க்கெட்-ஆன்-க்ளோஸ் ஆர்டரை நியூயார்க் பங்குச் சந்தையில் 15:50-க்குள்ளும் நாஸ்டாக்கில் 15:55-க்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். எனவே சிக்னலை 15:45 விலையில் கணக்கிட்டு, நிறைவேறியதை க்ளோஸ் விலையில் எழுதுங்கள். எல்லா இரவும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் உத்திக்கு இது தேவையில்லை, சிக்னல் பார்த்து வாங்குவதற்குத் தேவை.

டேட்டா சுத்தமாகிவிட்டது, விளைவு மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒப்பீட்டைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் இரவு உத்தியையும் பகல் உத்தியையும் நேருக்கு நேர் வைப்பது நியாயமானதல்ல. வட்டி இரவில்தான் ஏறுகிறது. இரவு மட்டும் பங்கு வைத்திருப்பவரின் பணம் வட்டி ஏறும் நேரத்தில் பங்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது, பகலில் சும்மா கிடக்கிறது, வட்டி கிடையாது. பகல் மட்டும் வைத்திருப்பவரின் பணம் ஒவ்வோர் இரவும் ரொக்கமாக இருக்கிறது, வட்டி கிட்டத்தட்ட முழுவதும் அவருக்கே. ஆகவே இரவு ரிட்டர்னிலிருந்து வட்டி விகிதத்தைக் கழிக்க வேண்டும், பகல் ரிட்டர்னிலிருந்து கழிக்கக் கூடாது. வட்டி பூஜ்யத்தை ஒட்டியிருந்த ஆண்டுகளில் இது பெரிதாகத் தெரியாது. 5 சதவீதம் இருக்கும் ஆண்டில் படமே மாறிவிடும். ஷார்ட் பக்கமும் இதே தர்க்கம்தான். பங்கைக் கடன் வாங்கும் கட்டணம் இரவு தாண்டினால்தான் ஏறும், பகலிலேயே விற்று பகலிலேயே திரும்ப வாங்கியவருக்கு அது இல்லை.

எண்களை வைத்துப் பார்ப்போம். இவை நான் கணக்குக்காக எடுத்தவை, அளவில் மட்டும் நிஜத்துக்கு அருகில் இருக்கும். இரவுக்குச் சராசரி 3.5 பேசிஸ் பாயின்ட், பகலுக்கு 0.5. ஆண்டுக்கு இரவு 8.82 சதவீதம், பகல் 1.26, வாங்கி வைத்துச் சும்மா இருந்தவருக்கு 10.08. இரவு உத்தி ஆண்டுக்கு 252 முறை வாங்கி 252 முறை விற்கிறது. ஒரு சுற்றுக்கு, அதாவது வாங்கி விற்பதற்குச் சேர்த்து, ஒரு பேசிஸ் பாயின்ட் செலவானால் 2.52 சதவீதம் போய் 6.3 மிஞ்சும். இரண்டானால் 3.78. மூன்றரையானால் பூஜ்யம். இதில் இன்னும் வட்டியைக் கழிக்கவில்லை, வரியையும் கழிக்கவில்லை. SPY போன்றதில் ஸ்ப்ரெட் ஒரு சென்ட்தான், 500 டாலர் விலைக்கு அது 0.2 பேசிஸ் பாயின்ட், ஆகவே அங்கே கணக்கு உயிரோடு இருக்கும். ஸ்ப்ரெட் 10 பேசிஸ் பாயின்ட் உள்ள சிறிய பங்கில் மூன்று மடங்கு பெரிய இரவு விளைவு இருந்தாலும் கைக்குக் கிட்டத்தட்ட எதுவும் வராது. நான் பார்த்த பேக்டெஸ்டுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் செலவே இல்லாமல் ஓட்டப்பட்டவை. 252 என்ற பெருக்கி இருக்கும்போது, செலவைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பதில் அர்த்தமில்லை.

இதை ஒரு பொருளாகவே விற்றும் பார்த்தார்கள். இரவு ரிட்டர்னை மட்டும் குறிவைத்து NSPY, NIWM என்ற இரண்டு இ.டி.எஃப்கள் 2022-இல் அமெரிக்காவில் வந்தன, 2023-இல் மூடப்பட்டன. ஓராண்டை வைத்து விளைவே பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பல ஆண்டுச் சராசரியில் தெரியும் சில பேசிஸ் பாயின்ட்டை நம்பித் தொடங்குபவர், அது தென்படாமலே ஒன்றிரண்டு ஆண்டு ஓடிவிடலாம் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன். இரவு ரிட்டர்னின் தினசரி ஸ்டாண்டர்டு டீவியேஷன் 0.7 சதவீதம், பகலுக்கு 0.9 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு டேட்டா, 2520 நாள், அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 50. இரவுச் சராசரி 0.035 சதவீதம், எனவே டி-மதிப்பு 0.035-ஐ 0.7-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் 2.5. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வி இரவு பூஜ்யத்துக்கு மேலா என்பது அல்ல. பங்குச் சந்தை மொத்தத்தில் ஏறியிருந்தால் அது எப்படியும் மேலேதான் இருக்கும். உங்கள் கேள்வி இரவு பகலைவிட மேலா என்பது. வித்தியாசத்தின் சராசரி 0.03 சதவீதம். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால் வித்தியாசத்தின் ஸ்டாண்டர்டு டீவியேஷன் 1.14 சதவீதம். டி-மதிப்பு 1.3. பத்தாண்டு டேட்டாவில்கூட இரவையும் பகலையும் நம்பிக்கையோடு வேறுபடுத்த முடியவில்லை. முப்பது ஆண்டு எடுத்தால் 2.3 வரும். எனவே ஐந்தாண்டு டேட்டாவை வைத்து "வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது" என்று வந்தால் நான் சந்தையைப் பற்றி யோசிக்கும் முன் ஓப்பன் நெடுவரிசையைத்தான் திறந்து பார்ப்பேன்.

அபாயத்தையும் ஷார்ப் விகிதம் சரியாகச் சொல்லாது. இரவில் ஸ்டாண்டர்டு டீவியேஷன் குறைவு என்பதால் இரவு உத்தி அழகாகத் தெரியும். ஆனால் அதன் நஷ்டங்கள் கேப்பாக வருகின்றன. ஸ்டாப்-லாஸ் 2 சதவீதத்தில் வைத்திருந்தாலும் 6 சதவீதம் கீழே திறந்தால் 6 சதவீதத்தில்தான் வெளியேறுவீர்கள். ஸ்டாப்-லாஸ் விலையிலேயே வெளியேறியதாக எழுதும் பேக்டெஸ்ட் இரவு உத்திக்குச் செல்லாது. அதிலும் தனிப் பங்குகளில் காலாண்டு முடிவுகள் பெரும்பாலும் சந்தை மூடிய பிறகோ திறப்பதற்கு முன்போ வருகின்றன, பெரிய அடி எல்லாம் இரவுப் பக்கமே விழுகிறது.

உங்கள் டேட்டாவில் நான் முதலில் செய்வது இது: மேலே உள்ள மூன்று வரிகளில் மறுபடி பிரித்து, ஓப்பனும் முந்தைய க்ளோஸும் சமமான நாட்களை ஆண்டுவாரியாக எண்ணி, பிறகு இரவு ரிட்டர்னுக்கும் அதே நாள் பகல் ரிட்டர்னுக்கும் உள்ள கோரிலேஷனை எடுப்பது. ஓப்பனில் இரைச்சல் இருந்தால் அது வலுவாக மைனஸில் வரும். அப்படி வந்தால் 9:30 முதல் 10:00 வரையான சராசரி விலையில் அதே கோரிலேஷனை மறுபடி எடுங்கள். பூஜ்யத்தை நோக்கி நகர்ந்துவிட்டால் நீங்கள் அளந்தது முதல் வர்த்தகத்தின் பிழையையோ, முதல் நிமிடங்களின் திரும்பலையோதான். நகராமல் நின்றால், செலவையும் வட்டியையும் கழித்த வரைபடத்தைப் போடுங்கள், அதற்கு மேல் பேசுவோம்.